4% கூடுதலாக வந்தால் அது அல்ஃபாவா? ஐந்து லட்சத்தின் கணக்கு

"அண்ணை, நான் கொக்குவில். பங்குகளிலை முதலிடுற ஒரு யூனிட் ட்ரஸ்டிலை ஐந்து லட்சம் போட்டன். 12 மாதத்திலை 24% வந்திருக்கு. அதே 12 மாதத்திலை கொழும்புச் சுட்டெண் 20% ஏறினது. முகவர், 'இது 4% அல்ஃபா, மனேச்சரின்ரை திறமை, மிச்சக் காசையும் போடுங்கோ' எண்டு சொல்லுறார். அறிக்கையிலை பீட்டா 1.3 எண்டு கிடக்கு. நான் போட்ட நேரம் ஒரு வருட திறைசேரி உண்டியல் 9%. அந்த 4% உண்மையிலை அல்ஃபாவோ?"

இல்லை. நீங்கள் தந்த எண்களை ஒழுங்காகப் போட்டாலே 4% என்பது 0.7% ஆகிவிடுகிறது. முகவர் விட்ட இன்னொரு பிழையையும் திருத்தினால் அது சுழியத்துக்குக் கீழே போகும். ரூபாவில் சொன்னால், 20,000 ரூபா கூடுதல் என்று உங்களுக்குக் காட்டப்பட்டது, சந்தையின் பங்கிலாபம் 3% என்று வைத்தால், உண்மையில் ஏறத்தாழ 16,000 ரூபா குறைவு. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கடை போடுகிறவரை எடுங்கள். 25 நாளும் சனம் நிறையும், எல்லாக் கடையிலும் வியாபாரம் ஏறும். முகப்புக்குக் கிட்டக் கடை பிடித்தவருக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக ஏறும். மழை பெய்து சனம் வராத நாளில் விழுகிற அடியும் அவருக்குத்தான் பெரிது, ஏனென்றால் கூடுதல் வாடகை கொடுத்து, கூடுதல் சரக்கு இறக்கி வைத்திருக்கிறார். இந்தக் கடைக்காரர் கெட்டிக்காரரா என்று அறிய, சராசரிக் கடையை விட எவ்வளவு கூட விற்றார் என்று பார்த்தால் போதாது. அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் எவ்வளவு விற்றிருக்கும் என்று கணித்து, அதற்கு மேலே அவர் விற்றதைப் பார்க்க வேண்டும். இடம்தான் பீட்டா. மிஞ்சுவதுதான் அல்ஃபா.

பீட்டா 1.3 என்றால், திறைசேரி உண்டியலை விடச் சந்தை 10% கூட ஏறும்போது இந்த நிதியம் 13% கூட ஏறும். சந்தை 10% குறைந்தால் இது 13% குறையும். இதற்கு மனேச்சரின் திறமை தேவையில்லை, ஏற்ற இறக்கம் கூடிய பங்குகளை வாங்கி வைத்தாலே நடக்கும். மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி என்ற சூத்திரம் கேட்பது ஒரே கேள்வி: இந்த அளவு சந்தை ஆபத்தைச் சுமந்தவருக்குச் சும்மாவே எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும்? அந்த எண்தான் ஒப்பிடவேண்டிய அளவுகோல்.

```
Rq = Rf + β × (Rm − Rf)
α  = Rp − Rq
```

`Rf` திறைசேரி உண்டியல் வீதம், `Rm` சந்தையின் வருவாய், `Rp` உங்கள் நிதியத்தின் வருவாய், `Rq` அந்த அளவுகோல். 1968இல் மைக்கேல் ஜென்சன் அமெரிக்காவின் 115 நிதியங்களை இப்படித்தான் அளந்தார், அதனால்தான் இதை ஜென்சன் அல்ஃபா என்கிறோம். செலவுகளைக் கழித்த பின் அவற்றின் சராசரி அல்ஃபா வருடத்துக்கு −1.1% அளவில் இருந்தது.

இனி உங்கள் எண்கள். சந்தை 20, உண்டியல் 9, வித்தியாசம் 11. அதை 1.3 ஆல் பெருக்கினால் 14.3. அதோடு 9 ஐக் கூட்டினால் 23.3. நிதியம் தந்தது 24. அல்ஃபா 0.7%, ஐந்து லட்சத்துக்கு 3,500 ரூபா. முகவர் சொன்ன 20,000 இல் மிச்சம் 16,500 ரூபாவும் சந்தை ஏறின வருடத்தில் 1.3 பீட்டாவை வைத்திருந்ததால் வந்தது. சந்தை இறங்கின வருடமென்றால் அதே 1.3 உங்களிடமிருந்து அந்தக் காசைத் திருப்பி எடுத்திருக்கும்.

இரண்டாவது பிழை சுட்டெண்ணில் இருக்கிறது. கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், பெயரே சொல்வதுபோல, விலையை மட்டும் பார்க்கிறது. கம்பனிகள் கொடுத்த பங்கிலாபம் அதில் இல்லை. உங்கள் நிதியமோ தான் வைத்திருக்கும் பங்குகளின் பங்கிலாபத்தை வாங்கித் தன் சொத்தில் சேர்த்துக்கொள்கிறது, அது யூனிட் விலையில் ஏறி உங்கள் 24% க்குள் வந்துவிட்டது. ஒருவர் பங்கிலாபத்தோடும் மற்றவர் பங்கிலாபம் இல்லாமலும் ஓடிய ஓட்டத்தை ஒப்பிட்டிருக்கிறார்கள். பங்கிலாபத்தைத் திரும்ப முதலிட்டதாகக் கணிக்கும் மொத்த வருவாய்ச் சுட்டெண் ஒன்றும் உண்டு, அதைத்தான் எடுக்கவேண்டும். அந்த 12 மாதத்துக்கான சரியான எண்ணை நீங்களே பார்த்துப் போடுங்கள். கணக்கைக் காட்டுவதற்காக நான் பங்கிலாபத்தை 3% என்று வைக்கிறேன். அப்போது `Rm` 20 அல்ல, 23.

23 இலிருந்து 9 போனால் 14. 1.3 ஆல் பெருக்க 18.2. அதோடு 9 கூட்ட 27.2. நிதியம் 24. அல்ஃபா −3.2%, ஐந்து லட்சத்துக்கு 16,000 ரூபா குறைவு. பங்கிலாபம் 3% ஆக இருந்தும் அல்ஃபா 3% அல்ல, 3.9% இறங்கியதைக் கவனியுங்கள். சுட்டெண்ணில் விடும் பிழையையும் பீட்டா பெருக்கிவிடுகிறது.

இந்த 27.2 வெறும் சூத்திரத்தில் பிறந்த எண் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆள் செய்யக்கூடிய காரியம் இருக்கிறது. உங்களிடம் 100 ரூபா. 9% வட்டிக்கு 30 ரூபா கடன் எடுத்து, 130 ரூபாவையும் சுட்டெண்ணில் உள்ள பங்குகளில் அதே விகிதத்தில் போடுகிறீர்கள். 130 இல் 23% என்றால் 29.90 ரூபா. கடனுக்கு வட்டி 2.70. கையில் 27.20. எந்தப் பங்கையும் தெரிவு செய்யாமல், எந்த மனேச்சருக்கும் கட்டணம் கொடுக்காமல் வந்த காசு.

ஆனால் இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். திறைசேரி உண்டியல் வீதத்தில் அரசாங்கம்தான் கடன் வாங்கும். யாழ்ப்பாணத்தில் எந்த வங்கியிலும் உங்களுக்கும் எனக்கும் அந்த வட்டிக்குத் தரமாட்டார்கள். உங்களுக்குக் கடன் 14% க்குத்தான் கிடைக்கும் என்று வையுங்கள். 30 ரூபாவுக்கு வட்டி 4.20, கையில் 25.70. அந்த அளவுகோலில் அல்ஃபா −1.7%. பீட்டா 1 க்கு மேலான நிதியங்களை இந்தச் சூத்திரம் சற்றுக் கடுமையாகவே அளக்கிறது, அதற்குக் காரணம் இதுதான். ஆகவே உங்கள் நிதியத்தின் குறைவை −3.2 என்று சொல்வதா, −1.7 என்று சொல்வதா என்பதில் வாதம் செய்ய இடமுண்டு. +4 என்று சொல்வதற்கு இடமில்லை.

அடுத்தது `Rf`. நம் ஊரில் பலர் இதில் நிலையான வைப்பு வட்டியைப் போடுகிறார்கள், அல்லது கணக்குப் பார்க்கிற அன்று பேப்பரில் கிடக்கிற உண்டியல் வீதத்தைப் போடுகிறார்கள். இரண்டாவது பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 2022 நல்ல சாட்சி. அந்த வருடத் தொடக்கத்தில் திறைசேரி உண்டியல் 8% அளவில் இருந்தது, வருட முடிவில் 30% ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. விலைச் சுட்டெண் அந்த வருடம் ஏறத்தாழ 30% விழுந்தது. பாதிக்காசைப் பங்கிலும் பாதியை உண்டியலிலும் வைத்திருந்த, பீட்டா 0.5 உள்ள ஒரு நிதியம் அப்படிப்பட்ட வருடத்தில் 8% மட்டும் விழுந்தது என்று வைப்போம். பங்கிலாபத்தை இங்கே விட்டுவிடுகிறேன். தொடக்க வீதமான 8 ஐப் போட்டால் அளவுகோல் 8 + 0.5 × (−38), அதாவது −11. அல்ஃபா +3. முடிவு வீதமான 30 ஐப் போட்டால் 30 + 0.5 × (−60), அதாவது 0. அல்ஃபா −8. ஒரே நிதியம், ஒரே வருடம், 11% வித்தியாசம்.

சரியானது 8 தான். ஜனவரியில் ஒரு வருட உண்டியலை வாங்கி வைத்தவருக்கு உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடியது அதுதான், டிசம்பர் ஏல வீதம் அவருக்குக் கிடைக்கவில்லை. காலத்தின் தொடக்கத்தில் பூட்டக்கூடிய வீதம், அதுவும் நீங்கள் அளக்கும் காலத்துக்கு ஒத்த தவணை. மாதக் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இருந்த குறுந்தவணை வீதத்தை மாதத்துக்கு ஆக்கிப் போடவேண்டும். 91, 182, 364 நாள் உண்டியல்களின் வாராந்த ஏல வீதங்களை மத்திய வங்கி வெளியிடுகிறது, பழையவையும் கிடைக்கும்.

இதுவரை பீட்டா 1.3 என்று அறிக்கை சொன்னதை நம்பி வந்தோம். அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஓ/எல் கணிதத்தில் y = mx + c படித்தீர்களே, m படித்திறன், c வெட்டுத்துண்டு, அதே கோடுதான். ஒவ்வொரு மாதமும் சந்தை உண்டியலை விட எவ்வளவு கூடத் தந்தது என்பது x. நிதியம் உண்டியலை விட எவ்வளவு கூடத் தந்தது என்பது y. புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கூடாகச் செல்லும் சிறந்த நேர்கோட்டை வரைந்தால், படித்திறன் பீட்டா, வெட்டுத்துண்டு அல்ஃபா. சந்தை உண்டியலை விட ஒன்றும் கூடத் தராத மாதத்திலும் நிதியம் தன்பாட்டில் எதைத் தந்தது என்பதே அந்த வெட்டுத்துண்டு.

கையால் செய்து பார்க்க வசதியாக ஆறு மாதத்துக்கு எண்களை நானே அமைத்திருக்கிறேன். முதல் மாதம் பங்கிலாபத்தோடு சந்தை 4.75%, நிதியம் 6.15%, உண்டியல் மாதத்துக்கு 0.75%. கழித்தால் 4.0, 5.4. மற்ற மாதங்களும் அப்படியே கழித்தவை.

```
மாதம்    x      y
1       4.0    5.4
2      -2.0   -2.0
3       3.0    3.1
4      -1.0   -1.9
5       5.0    6.4
6      -3.0   -4.4
```

x இன் சராசரி 1.0, y இன் சராசரி 1.1. ஒவ்வொரு x இலிருந்தும் 1.0 ஐக் கழித்தால் 3, −3, 2, −2, 4, −4. இவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 58. அதே விலகல்களை அந்தந்த y ஆல் பெருக்கிக் கூட்டினால் 75.4. பீட்டா 75.4 ÷ 58 = 1.3. அல்ஃபா 1.1 − 1.3 × 1.0 = −0.2, அதாவது மாதத்துக்கு −0.2%. இந்த ஆறு மாதத்தில் சராசரியாக நிதியம் சந்தையை 0.1% ஆல் வென்றிருக்கிறது. அல்ஃபா அப்படியிருந்தும் கழித்தல் குறியோடு நிற்கிறது.

இந்த −0.2 ஐ எவ்வளவு நம்பலாம்? கோடு சொல்வதற்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் மாதமாக எடுங்கள். இரண்டாம் மாதம் கோடு −2.8 என்கிறது, வந்தது −2.0, மிச்சம் 0.8. ஆறு மாதத்துக்கும் மிச்சங்கள் 0.4, 0.8, −0.6, −0.4, 0.1, −0.3. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.42. ஆறு புள்ளிகளில் படித்திறனுக்கும் வெட்டுத்துண்டுக்குமாக இரண்டைக் கழித்து 4 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.60. அதை (1/6 + 1/58) இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அல்ஃபாவின் நியம வழு, அதாவது தற்செயலால் மட்டும் அது எவ்வளவு அங்குமிங்கும் ஆடலாம் என்ற அளவு, 0.26 அளவில் வரும். அல்ஃபா −0.2, அதன் வழு 0.26. அளவை விட வழு பெரிது. இந்த ஆறு மாதத்தை வைத்து மனேச்சர் மோசம் என்று நான் சொன்னால், முகவர் செய்த பிழையை மறுபக்கமிருந்து நானும் செய்தவன் ஆவேன்.

எக்செலில் இதெல்லாம் மூன்று வரி. y எண்கள் C நிரலிலும் x எண்கள் B நிரலிலும் இருந்தால்:

```
=SLOPE(C2:C7,B2:B7)
=INTERCEPT(C2:C7,B2:B7)
=LINEST(C2:C7,B2:B7,TRUE,TRUE)
```

மூன்றாவது தரும் அட்டவணையில் இரண்டாவது வரிசையின் இரண்டாவது எண் அல்ஃபாவின் நியம வழு. அல்ஃபாவை அதனால் வகுங்கள். நீண்ட காலத் தரவில் விடை குறி பாராமல் 2 ஐத் தாண்டினால்தான் தற்செயலாக வந்திருக்காது என்று பேசத் தொடங்கலாம்.

எவ்வளவு நீண்ட காலம்? ஒரு மனேச்சருக்கு உண்மையிலேயே மாதத்துக்கு 0.25%, வருடத்துக்கு 3% அல்ஃபா இருக்கிறது என்று வைப்போம், அது மிகப் பெரிய திறமை. அவருடைய நிதியம் கோட்டிலிருந்து மாதத்துக்கு 2% அளவில் அங்கும் இங்கும் விலகுகிறது. நியம வழு ஏறத்தாழ 2 ஐ மாதங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. அது 0.125 ஆக இறங்கினால்தான் 0.25 அதன் இருமடங்காகும். அதற்கு 256 மாதங்கள் வேண்டும். 21 வருடம். ஒரு பன்னிரண்டு மாதத்தை வைத்துத் "திறமை" என்று சொல்கிற எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2010இல் இதே பேச்சைக் கேட்டுத் தன் சேமிப்பைப் போட்டார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் கொழும்பு விலைச் சுட்டெண் 96% அளவு ஏறியது, அதற்கு முந்திய வருடம் அதைவிடக் கூட. அப்படிப்பட்ட காலத்தில் பீட்டா கூடிய எந்த நிதியமும் சுட்டெண்ணைத் தாண்டி நிற்கும். அடுத்த வருடம் சந்தை இறங்கியபோது அதே பீட்டா அவரைச் சுட்டெண்ணை விட ஆழமாக இறக்கியது. அவருக்குக் கோபம் மனேச்சர் மேல். மனேச்சர் மாறவில்லை, வைத்திருந்த பங்குகளும் பெரிதாக மாறவில்லை.

கொழும்புச் சந்தைக்கே உரிய ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சிறிய கம்பனிகளின் பங்குகள் பல நாள் கைமாறாமல் கிடக்கும். கைமாறாத பங்கின் விலை பழைய விலையாகவே பதிவில் நிற்கும். இந்த மாதம் சந்தை ஏறினால் அந்தப் பங்கு அடுத்த மாதம்தான் ஏறினதாகத் தெரியும். இப்படிப்பட்ட பங்குகள் நிறைய உள்ள நிதியத்துக்குச் சாதாரணமாகக் கோடு வரைந்தால் பீட்டா உண்மையை விடக் குறைவாக வரும். உங்கள் 1.3 உண்மையில் 1.5 என்றால் அளவுகோல் 27.2 இலிருந்து 30 க்குப் போகும், அல்ஃபா −6 ஆகும். இதற்கு 1979இல் டிம்சன் என்ற ஆய்வாளர் காட்டிய வழி எளியது: இந்த மாத x ஓடு போன மாத x ஐயும் இன்னொரு நிரலாகச் சேர்த்துக் கோடு வரைந்து, கிடைக்கும் இரண்டு படித்திறன்களையும் கூட்டுவது. கூட்டின பீட்டா பழையதை விடத் தெளிவாகப் பெரிதாக வந்தால், அறிக்கையின் 1.3 ஐ வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

முகவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது இது: கடந்த 60 மாதத்துக்கு மாத இறுதி யூனிட் விலை, இடையில் யூனிட்காரர்களுக்குக் காசாகக் கொடுத்த பங்கிலாபம் இருந்தால் அதன் திகதியும் தொகையும், அந்த 1.3 ஐ எந்தச் சுட்டெண்ணுக்கு எதிராக, எத்தனை மாதத் தரவில் கணித்தார்கள் என்பது. காசாகக் கொடுத்ததை விலையோடு சேர்க்காவிட்டால் நிதியத்துக்கு அநியாயம் செய்தவராவீர்கள். வாங்கும்போது உங்களிடம் கட்டணம் பிடித்திருந்தால் அல்லது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருந்தால், அது 24% க்குள் கழிபட்டதா என்றும் கேளுங்கள். மாத இறுதி யூனிட் விலையில் அது தெரியாது, உங்கள் கையிலிருந்து போன காசில்தான் தெரியும். அந்த விலைகளை மாத வருவாயாக்கி, மேலே செய்ததுபோல உண்டியலைக் கழித்து எக்செலில் போட்டு, `LINEST` காட்டும் அல்ஃபாவையும் அதன் நியம வழுவையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். மிச்சக் காசை அதுவரை இருக்கிற இடத்திலேயே இருக்க விடுங்கள்.